கத்திரிக்காய் புளிக்குழம்பு: புளிப்பும் எண்ணெயும் பதமும் தவறாமல் வைப்பது எப்படி

எங்கள் வீடு கிருஷ்ணகிரியில். மாடியில் மூன்று பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓசூரில் வேலை, காலையில் கம்பெனி பஸ், இரவில் சொந்தச் சமையல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலிருந்து ஒருவன் இறங்கி வந்து, "அக்கா, குழம்பு வெச்சோம், வாயில வைக்க முடியல. கொஞ்சம் வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தேன். குக்கர் நிறையத் தண்ணீர், அதில் கத்திரிக்காய் மிதக்கிறது. மேலே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. புளிப்பு பல்லைக் கூசவைத்தது. "புளிப்பு போகணும்னு ஒரு மணி நேரமா கொதிக்க விடுறோம்" என்று சொன்னார்கள்.

அதற்கப்புறம் அவர்களோடு நின்று நாலைந்து முறை வைத்துக் காட்டினேன். எங்கே தடுமாறுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. கீழே உள்ள அளவு நான்கு பேருக்கு, ஒரு வேளைக்கு. கொஞ்சம் மிஞ்சும், மறுநாளைக்கு ஆகும்.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கொட்டையும் கோதும் நீக்கிய புளி 40 கிராம். கையால் உருட்டினால் பெரிய எலுமிச்சம்பழ அளவு வரும். நல்லெண்ணெய் 75 மில்லி, அதாவது 5 மேசைக்கரண்டி. சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 15 பல், தக்காளி நடுத்தரமாக 2, பிஞ்சுக் கத்திரிக்காய் கால் கிலோ.

தனி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 4 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். தாளிக்க கடுகு அரை டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை, பெருங்காயம். அரைக்க, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 2 மேசைக்கரண்டி. உப்பு, சுண்டைக்காய் அளவு வெல்லம்.

வெந்தயத்தில் மட்டும் தாராளம் காட்ட வேண்டாம். அரை டீஸ்பூனைத் தாண்டினாலே குழம்பு கசக்க ஆரம்பிக்கும். அந்தக் கசப்பைப் புளியின் குறை என்று நினைத்து வெல்லத்தை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு.

பாத்திரம் மண்சட்டியாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடி கனமான எவர்சில்வர். இரும்புச் சட்டியும் அலுமினியச் சட்டியும் வேண்டாம். புளி அந்த உலோகத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். இரும்பில் குழம்பு கருத்து, வாயில் ஆணியைக் கடித்தமாதிரி ஒரு ருசி நிற்கும். ஈயம் பூசாத பித்தளை கூடவே கூடாது.

2. எந்தப் புளி என்று முதலில் பாருங்கள்

பையன்கள் செய்த முதல் தவறு இங்கேதான் நடந்திருந்தது. அது பங்குனி மாதம். நம் பக்கம் மாசி, பங்குனியில் திண்ணைதோறும் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு வீட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வந்திருக்கிறார்கள். அது புதுப்புளி. சிவந்த பழுப்பு நிறம், சதை பிசுபிசுப்பாக இருக்கும், புளிப்பு நறுக்கென்று ஏறும்.

குழம்புக்கு ஏற்றது, ஒரு வருடமாவது பானையில் கிடந்து கருத்த பழம்புளி. புளிப்பு இருக்கும், ஆனால் முனை மழுங்கியிருக்கும். குழம்புக்கு அந்தக் கருஞ்சிவப்பு நிறமும் அதிலிருந்துதான் வருகிறது. புதுப்புளியைத் தவிர வேறு வழியில்லை என்றால் 40 கிராமுக்குப் பதிலாக 30 கிராம் போடுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், அதற்காக மிளகாய்த்தூளைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று. வீட்டில் சேமித்த புளியாக இருந்தால் அதில் கல் உப்பு போட்டுத்தான் அடைத்திருப்பார்கள். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு தெரிந்தால், குழம்பில் போடும் உப்பை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். கடைப் புளிக்குப் பழகியவர்கள் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய புளியில் சமைக்கும்போது உப்புக் கரிப்பது இதனால்தான்.

3. புளியைக் கரைத்தல்

புளியை ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டு, 250 மில்லி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் சதை முழுதாகப் பிரியாது, சக்கையோடு பாதிப் புளி குப்பைக்குப் போகும். அப்புறம் 'புளிப்பே இல்லை' என்று இன்னொரு உருண்டை தேடுவீர்கள்.

பிசைந்து வடிகட்டி, முதல் கரைசலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சக்கையில் 150 மில்லி தண்ணீர் விட்டு மறுபடி பிசைந்து, அந்த இரண்டாம் கரைசலை வேறு கிண்ணத்தில் வையுங்கள். மூன்றாம் முறை வேண்டாம். அதில் வருவது நாரின் துவர்ப்புதான்.

ஏன் இரண்டு கிண்ணம்? குழம்பில் புளியைக் கூட்டுவது சுலபம், போட்டதை எடுக்க முடியாது. இரண்டாம் கரைசலும், முதல் கரைசலில் முக்கால் பங்கும் முதலில் போகும். மீதிக் கால் பங்கு கையிருப்பு. தக்காளியின் புளிப்பு எப்படி என்று தெரியாதவரை அந்தக் கால் பங்கைத் தொடக்கூடாது. நாட்டுத் தக்காளி தானே பாதிப் புளியின் வேலையைச் செய்துவிடும். ராயக்கோட்டை சந்தையிலிருந்து வரும் கெட்டித்தோல் ஹைப்ரிட் தக்காளியில் அவ்வளவு புளிப்பு இருக்காது, சதைதான் அதிகம்.

4. கத்திரிக்காயை முதலில் எண்ணெயில் வதக்கி எடுத்தல்

சட்டியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் காயட்டும். காம்பு விட்டு நாலாகக் கீறிய கத்திரிக்காயை, தண்ணீரிலிருந்து எடுத்து ஈரம் துடைத்துப் போடுங்கள். நடுத்தரத் தீயில் 6 முதல் 8 நிமிடம். தோல் சுருங்கி, கரண்டியால் அழுத்தினால் நடுவில் சற்றே விறைப்பு தெரியும் நிலையில் தனியே எடுத்துவிடுங்கள்.

புளித்தண்ணீரில் போட்டு வேகவைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். காய் குழையாமல் பிடித்து வைப்பது புளிப்பின் குணம். புளி சேர்வதற்குமுன் முக்கால் வேக்காடு வந்திருந்தால் மீதியைக் குழம்பு பார்த்துக்கொள்ளும். பச்சையாகப் போட்டால் அரை மணி நேரம் ஆனாலும் உள்ளே சக்கென்று இருக்கும். கத்திரிக்காயாவது பரவாயில்லை. தை மாதத்தில் பச்சை மொச்சை போடுகிறவர்கள் அதைத் தனியாக முழுதாக வேகவைத்துக்கொண்டுதான் புளியில் சேர்க்க வேண்டும். வேகாத மொச்சை புளியில் விழுந்தால் அப்படியே கல்லாக நிற்கும்.

இந்த இடத்தில் எல்லாரும் ஏமாறும் ஒன்று உண்டு. கத்திரிக்காய் போட்டதும் எண்ணெய் முழுவதையும் குடித்துவிடும், சட்டி காய்ந்து தெரியும். உடனே பயந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிடுவார்கள். ஊற்றாதீர்கள், தீயை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். சதை வெந்து அமுங்கும்போது குடித்ததில் ஒரு பங்கைத் திரும்பக் கக்கும்.

5. வெங்காயம், தக்காளி: குழம்பின் கெட்டி இங்கேதான் பிறக்கிறது

அதே சட்டியில் மீதி 2 மேசைக்கரண்டி எண்ணெய். கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்ததும் கறிவேப்பிலை, பெருங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம். வெங்காயத்தில் பாதியை முழுதாகவும் பாதியைப் பொடியாக நறுக்கியும் போடுங்கள். முழுசு சாப்பிடுவதற்கு, நறுக்கியது கரைந்து குழம்பைப் பிடிப்பதற்கு.

வெங்காயம் பொன்னிறமாக 8 நிமிடம் ஆகும். அவசரத்தில் 3 நிமிடத்தில் முடித்தால், அதில் நின்றுபோன தண்ணீர் பிறகு குழம்பில் இறங்கி நீர்த்துப்போகச் செய்யும். நன்றாக வதங்கிய வெங்காயத்தின் இனிப்புதான் புளிப்பைத் தாங்குகிற முதல் தூண். வெல்லம் அதற்கு ஒத்தாசை மட்டும்.

பிறகு நறுக்கிய தக்காளியும் ஒரு டீஸ்பூன் உப்பும். உப்பு தக்காளியின் நீரை இழுத்து வெளியே கொண்டுவரும், சீக்கிரம் மசியும். துண்டு என்று எதுவும் கண்ணில் படாமல் கூழாகி, ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும்வரை கிளறுங்கள். இது முதல் எண்ணெய் பிரிவு. இங்கே பிரியாத எண்ணெய் கடைசியில் பிரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

6. தூளை எண்ணெயில் பொரித்தல், ஒரு நிமிடம் மட்டும்

தீயைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் மூன்றையும் போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள். வாசனை மூக்கில் ஏறி, கலவை ஒரு படி கருத்ததும் நிறுத்த வேண்டும். அடி பிடிக்கிறமாதிரி இருந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளியுங்கள்.

மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரைவன, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. எண்ணெயில் ஒரு நிமிடம் இருந்தால் மேலே மிதக்கும் எண்ணெய் சிவப்பாக வரும். பையன்கள் தூளைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அதில் மல்லி நறநறவென்று அடியில் தங்கியது, பச்சைத் தூள் வாடை கடைசிவரை போகவில்லை.

நம் வீடுகளில் எண்ணெய்க்குக் கைவருவதில்லை என்பது எனக்குத் தெரியும். நான்கு பேருக்கு 75 மில்லியா என்று என் மாமியாரே முகத்தைச் சுளிப்பார். ஆனால் இந்தக் குழம்பில் 50 மில்லிக்குக் கீழே போனால் தூள் பொரியாது, தீயும். வேண்டுமானால் சாப்பிடும்போது மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சமைக்கும்போது குறைக்காதீர்கள். நல்லெண்ணெய் இல்லாத நாளில் செக்குக் கடலெண்ணெய் சரியாக வரும். ரிஃபைண்ட் எண்ணெயில் பிரிவதென்னவோ பிரியும், குழம்புக்கு மணம் இருக்காது.

7. புளியை ஊற்றி, முதல் கொதி

இரண்டாம் கரைசலையும் முதல் கரைசலில் முக்கால் பங்கையும் ஊற்றுங்கள். கூட 100 மில்லி தண்ணீர். வதக்கிய கத்திரிக்காயையும் சேர்த்துவிட்டு, சுத்தமான மரக்கரண்டியின் காம்பைச் சட்டியின் அடிவரை விட்டு எடுங்கள். ஈரம் நிற்கும் உயரத்தை விரலால் அளந்து வையுங்கள். எங்கள் மண்சட்டியில் அது நான்கு விரல். இந்த அளவு பின்னால் உதவும்.

மூடாமல், நடுத்தரத் தீயில் 10 நிமிடம் கொதிக்கட்டும். மூடினால் ஆவி தண்ணீராகத் திரும்பி விழும், சுண்டாது. புளியின் பச்சை வாசனை போவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இப்போது அந்தப் பையன்கள் சொன்ன ஒரு மணி நேரக் கொதிப்புக்கு வருவோம். கொதிக்கக் கொதிக்கப் புளிப்பு குறையும் என்பது பலரும் நம்பும் தவறு. போவது வாசனை மட்டும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் மட்டும் போய், அதே புளிப்பு குறைந்த நீரில் அடர்ந்து நிற்கும். அதாவது அவர்கள் கொதிக்கவிட்ட ஒவ்வொரு நிமிடமும் புளிப்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஆகவே புளி ஊற்றியவுடன் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் புளிப்பு 'கொஞ்சம் குறைவாக இருக்கிறதே' என்று தோன்றினால்தான் கடைசியில் சரியாக வரும். அப்போதே சரியாக இருந்தால் சுண்டியபின் அதிகமாகிவிடும்.

8. அரைத்த வேர்க்கடலையும் இரண்டாம் கொதியும்

வேர்க்கடலையைத் தண்ணீர் விட்டு மையாக அரைத்து, மிக்ஸி கழுவிய நீரோடு சேர்த்து அரைக் கப் அளவில் ஊற்றுங்கள். நரநரப்பாக அரைத்தால் குழம்பு கெட்டியாகாது, மணலாகத்தான் தெரியும். தேங்காய் அரைத்து விடும் வீடுகளும் உண்டு. ஆனால் தேங்காய் சேர்ந்தது மறுநாள் தாங்காது. நம் பக்கம் வீட்டில் எப்போதும் இருப்பது கடலைதான், அதன் எண்ணெயும் குழம்போடு சேரும்.

தீயைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளறுங்கள், கடலை விழுது அடிப்பிடிக்கும். முதலில் பெரிய குமிழிகளாகத் தளதளவென்று கொதிக்கும். தண்ணீர் குறையக் குறையக் குமிழி சிறுத்து, சத்தம் கனத்து, சட்டியின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் வளையமாகக் கட்டும். மரக்கரண்டியை மறுபடி விட்டுப் பாருங்கள். நான்கு விரல் மூன்று விரலுக்கு இறங்கியிருந்தால் பதம் நெருங்கிவிட்டது.

எண்ணெய் மிதக்கவில்லையே என்று கடைசியில் பச்சை எண்ணெயை இரண்டு கரண்டி ஊற்றி மினுக்குவது வேண்டாம். தட்டில் அது தனியாக ஓடும், குழம்பின் நிறமும் அதில் ஏறியிருக்காது. மணத்துக்கு ஒரு டீஸ்பூன் விடலாம், அவ்வளவுதான். எண்ணெய் இன்னும் மேலே வரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

9. பதம் பார்த்து நிறுத்துதல்

ஒரு தட்டைச் சாய்க்காமல் வைத்து, அரைக் கரண்டி குழம்பை ஊற்றுங்கள். குழம்பைச் சுற்றித் தண்ணீர் மட்டும் தனியாகப் பரவினால் இன்னும் கொதிக்க வேண்டும். பரவாமல் குவியலாக நின்றால் சுண்டிவிட்டது, கால் கப் வெந்நீர் விட்டு ஒரு கொதி விடுங்கள். மெல்ல நகர்ந்து, விளிம்பில் எண்ணெய் மட்டும் கோடாகத் தெரிந்தால் நிறுத்தலாம்.

சூடாக இருக்கும்போது நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள். ஆறினால் கடலை விழுதும் தக்காளியும் இறுகும். களிக்கு வைக்கிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் இளக்கமாகவே விடுங்கள். ராகிக் களி உருண்டையைக் கிள்ளித் தோய்க்கும்போது குழம்பு ஒட்டிக்கொண்டு வரவேண்டும், அப்பிக்கொண்டு வரக்கூடாது. சோற்றுக்குக் கெட்டியாக இருந்தால்தான் நன்றாயிருக்கும்.

அரிசி மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவதைப் பற்றி ஒரு வரி: கெட்டி வரும், ஆனால் மாவு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே பிரிந்து வராது.

10. கடைசியில் ருசியைச் சரிசெய்யும் வரிசை

இதில் வரிசை முக்கியம். முதலில் உப்பு. மீதி உப்பைக் கால் கால் டீஸ்பூனாகப் போட்டுப் பாருங்கள். உப்பு குறைந்த குழம்பில் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும், 'புளி அதிகம்' என்று தோன்றும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

உப்பு சரியான பிறகும் புளிப்பு குறைவு என்றால், கையிருப்பில் வைத்த கரைசலை இரண்டு கரண்டி விட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். புளிப்பு அதிகம் என்றால் சுண்டைக்காய் அளவு வெல்லம். இனிப்பு நாக்கில் தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள்.

வெல்லத்துக்கும் அடங்காத புளிப்பு என்றால் தண்ணீர் மட்டும் ஊற்றி மழுப்பாதீர்கள், காரமும் கெட்டியும் சேர்ந்து போய்விடும். மாடியில் அன்று நான் செய்தது இதுதான். அவர்கள் 80 கிராம் புதுப்புளி போட்டிருந்தார்கள், எண்ணெய் 2 டீஸ்பூன். நீர்க்குழம்பில் பாதியை வேறு பாத்திரத்தில் எடுத்துவைத்தேன். தனிச் சட்டியில் 5 மேசைக்கரண்டி எண்ணெயில் கால் கிலோ வெங்காயமும் இரண்டு கத்திரிக்காயும் வதக்கி, தூள் பொரித்து, மீதிப் பாதியை அதில் ஊற்றி, கடலை அரைத்து விட்டு, அது சுண்டியபின் உப்புப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஓரத்தில் எண்ணெய் கட்டியது. சாப்பிடும்படி வந்தது, அருமை என்று சொல்ல மாட்டேன். எடுத்துவைத்த பாதி ஃப்ரிட்ஜில் இருந்தது. அடுத்த நாள் புளிக்குப் பதிலாக அதையே ஊற்றிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள்.

11. இறக்கிய பிறகு

மூடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கத்திரிக்காய்க்குள் உப்பும் புளியும் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். உடனே பரிமாறினால் குழம்பு உறைக்கும், காய் சப்பென்று இருக்கும்.

மறுநாள் சூடு பண்ணும்போது குழம்பு இறுகியிருக்கும். அப்படியே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் மறுபடி சுண்டி, உப்பும் புளிப்பும் ஏறிவிடும். மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலந்து, சிறு தீயில் ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். எடுக்கும் கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும்.